எண்ணெய் விலை ஏறியும் எண்ணெய் ஃபண்ட் பாதியானது ஏன்? கான்டாங்கோ, பேக்வார்டேஷன் கணக்கு இதுதான்!

2019-ம் ஆண்டின் கடைசி நாள். அமெரிக்காவின் டபிள்யூடிஐ ரக கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 61.06 டாலர். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 31-ல் அதே எண்ணெய் 75.21 டாலர். நடுவில் கொரோனா வந்தது, விலை அதலபாதாளத்துக்குப் போனது, மீண்டும் எழுந்தது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 23 சதவீத ஏற்றம்.

இதே இரண்டு ஆண்டுகளில், கச்சா எண்ணெய் விலையைப் பின்தொடர்வதற்காகவே இயங்கும் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆயில் ஃபண்ட்' என்ன ஆனது? பங்குச் சந்தைத் திரையில் USO என்று வரும் ஃபண்ட் இது. இன்றைய சார்ட் கணக்குப்படி 2019 கடைசியில் இதன் ஒரு யூனிட் சுமார் 102 டாலர். 2021 கடைசியில் 54 டாலர். அதாவது 47 சதவீத வீழ்ச்சி.

எண்ணெய் விலை ஏறும் என்று சரியாகக் கணித்து, பொறுமையாக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு, போட்ட பணத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிருக்கும். "ஆயில் ஏறிடுச்சே, நம்ம ஃபண்ட் மட்டும் ஏன் இறங்குச்சு?" என்ற கேள்வி வருவது இயல்பு. நிர்வாகக் கட்டணம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. இதில் மோசடியும் இல்லை. பதில் ஃபியூச்சர்ஸ் விலைக்கோட்டில் இருக்கிறது.

ஃபண்ட் வாங்குவது எண்ணெயை அல்ல!

தங்கத்தை வாங்கி லாக்கரில் வைக்கலாம். கச்சா எண்ணெயை அப்படி வைக்க முடியாது. அதற்குப் பெரிய டேங்க் வேண்டும், குழாய் இணைப்பு வேண்டும், காப்பீடு வேண்டும். அதனால் எண்ணெய் ஃபண்டுகள் பெரும்பாலும் எண்ணெயைக் கையால் தொடுவதே இல்லை. அவை வாங்குவது ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை.

ஃபியூச்சர்ஸ் என்பது, 'இந்த மாதத்தில் இவ்வளவு சரக்கை இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்று இப்போதே போடும் ஒப்பந்தம். அமெரிக்காவின் நைமெக்ஸ் சந்தையில் டபிள்யூடிஐ ஒப்பந்தம் ஒன்றின் அளவு 1,000 பீப்பாய். ஒவ்வொரு மாதத்துக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. மே மாத ஒப்பந்தம், ஜூன் மாத ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஒவ்வொன்றுக்கும் காலாவதி தேதியும் உண்டு. அந்தத் தேதி முடியும்வரை ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர், ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை டெலிவரி எடுத்தாக வேண்டும்.

ஃபண்டுக்கு எண்ணெய் தேவையில்லை. அதனால் காலாவதிக்கு முன்பே கையில் இருக்கும் ஒப்பந்தத்தை விற்றுவிட்டு, அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கும். மறு மாதமும் இதே வேலை. இதற்குப் பெயர் ரோல்ஓவர். ஃபண்டில் பணம் போட்டவர் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலும், அவருக்காக ஃபண்ட் மாதாமாதம் ஒரு விற்பனையும் ஒரு கொள்முதலும் செய்துகொண்டே இருக்கிறது. சார்ட்டில் இது தெரியாது.

கான்டாங்கோ என்றால் என்ன? பேக்வார்டேஷன் என்றால் என்ன?

இன்றைய தேதியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வரிசையாக ஒவ்வொரு மாத ஒப்பந்தத்தின் விலையையும் புள்ளியாக வைத்து, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால் கிடைப்பதுதான் ஃபியூச்சர்ஸ் விலைக்கோடு. அந்தக் கோடு மேல்நோக்கிப் போனால், அதாவது தள்ளிப்போகப் போக விலை கூடினால், அது கான்டாங்கோ. கோடு கீழ்நோக்கி இறங்கினால், அதாவது பக்கத்து மாதம் விலை அதிகமாகவும் தூரத்து மாதம் விலை குறைவாகவும் இருந்தால், அது பேக்வார்டேஷன்.

ஒரே சரக்குக்கு ஏன் மாதத்துக்கு ஒரு விலை? ஒரு குடோன்காரரின் இடத்தில் இருந்து பார்த்தால் புரியும். சரக்கு மலிந்து கிடக்கிறது, இப்போது வாங்க ஆள் இல்லை. அவர் அதை வாங்கி ஆறு மாதம் வைத்திருந்து விற்க வேண்டுமென்றால், குடோன் வாடகை, காப்பீடு, முடங்கிய பணத்துக்கான வட்டி எல்லாம் சேர்த்து ஒரு விலை கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் தள்ளிப்போகும் மாதத்தின் விலை கூடுதலாக இருக்கும். இது கான்டாங்கோ. சந்தையில் சரக்கு உபரியாக இருக்கிறது என்பதன் அடையாளம்.

தட்டுப்பாடு வந்தால் கதை மாறும். சுத்திகரிப்பு ஆலைக்கு இன்றைக்கு எண்ணெய் இல்லையென்றால் ஆலையை நிறுத்த வேண்டியதுதான். ஆறு மாதம் கழித்து வரும் எண்ணெய் இன்றைக்கு உதவாது. கையில் இருக்கும் சரக்குக்கு அதிக விலை கொடுக்க ஆலை தயாராக இருக்கும். பக்கத்து மாத விலை எகிறும். தூரத்து மாதங்கள் அதே அளவு ஏறாது. இது பேக்வார்டேஷன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்டாங்கோ என்றால் 'விலை ஏறப்போகிறது' என்று சந்தை கணிக்கிறது என்றும், பேக்வார்டேஷன் என்றால் 'விலை இறங்கப்போகிறது' என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இது சரியல்ல. கோட்டின் சாய்வில் பெரும்பங்கு சேமிப்புச் செலவும், இன்றைய கையிருப்பு நிலவரமும்தான்.

ரோல்ஓவர் நாளில் பணம் போகிறதா?

'ஃபண்ட் மலிவாக விற்று, அதிக விலைக்கு வாங்குகிறது. அதனால் ரோல்ஓவர் நாளில் நஷ்டம்' என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. நஷ்டம் உண்டு. ஆனால் அது அந்த நாளில் நடப்பதில்லை. ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஃபண்டிடம் 1,000 பீப்பாய்க்கு நிகரான ஒப்பந்தம் இருக்கிறது. விலை பீப்பாய்க்கு 50 டாலர். மொத்த மதிப்பு 50,000 டாலர். அடுத்த மாத ஒப்பந்தம் 51 டாலர். ஃபண்ட் பழையதை 50-க்கு விற்கிறது, 50,000 டாலர் கைக்கு வருகிறது. அந்தப் பணத்துக்கு 51 டாலர் விலையில் சுமார் 980 பீப்பாய்க்குத்தான் புதிய ஒப்பந்தம் கிடைக்கும். (பாதி, கால் ஒப்பந்தம் நிஜத்தில் கிடையாது. கணக்குப் புரிவதற்காக அதை விட்டுவிடலாம்.)

இந்த நொடியில் நஷ்டம் ஏதாவது உண்டா? இல்லை. 980 பீப்பாய், தலா 51 டாலர். மதிப்பு அதே 50,000 டாலர்தான். குறைந்தது பீப்பாய்களின் எண்ணிக்கை மட்டுமே.

இனிதான் விஷயம். அடுத்த ஒரு மாதத்தில் எண்ணெயின் விலையில் எந்த மாற்றமும் இல்லை, அதே 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காலாவதி நெருங்க நெருங்க ஒப்பந்தத்தின் விலை, நிஜச் சந்தையில் எண்ணெய் விற்கும் விலையோடு வந்து ஒட்டியாக வேண்டும். எனவே 51 டாலருக்கு வாங்கிய ஒப்பந்தம் கொஞ்சம் கொஞ்சமாக 50-க்கு இறங்கும். 980 பீப்பாய், தலா 50 டாலர். மதிப்பு சுமார் 49,020 டாலர். எண்ணெய் விலை அசையவே இல்லை, ஆனால் ஃபண்டுக்கு 2 சதவீதம் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. ஒரு மாதம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது.

விலைக்கோடு இதே சாய்வில் 12 மாதம் நீடித்தால்? ஒவ்வொரு மாதமும் 2 சதவீதம் கழிந்து, 50,000 டாலர் சுமார் 39,400 டாலராகிவிடும். எண்ணெய் சார்ட்டில் 50-லிருந்து 50-க்கு ஒரு நேர்கோடு. ஃபண்ட் சார்ட்டில் 21 சதவீத இறக்கம். ஃபண்ட் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால், அதன்பிறகு எண்ணெய் விலை 27 சதவீதம் ஏற வேண்டும். அதுவும் கான்டாங்கோ அன்றோடு நின்றுபோனால்தான்.

பேக்வார்டேஷனில் இதே கணக்கு தலைகீழாக ஓடும். நடப்பு மாதம் 50, அடுத்த மாதம் 49 டாலர் என்றால், 50,000 டாலருக்கு சுமார் 1,020 பீப்பாய் கிடைக்கும். எண்ணெய் 50 டாலரிலேயே நின்றால், 49-க்கு வாங்கியது ஒரு மாதத்தில் 50-க்கு ஏறும். மதிப்பு 51,020 டாலர். 12 மாதம் இப்படியே போனால் சுமார் 63,700 டாலர். எண்ணெய் விலை ஒரு சென்ட்கூட ஏறாமல் 27 சதவீத லாபம்.

ஆக, ஃபண்டில் பணம் போடுபவர் தெரிந்தோ தெரியாமலோ இரண்டு விஷயங்களின் மீது பந்தயம் கட்டுகிறார். ஒன்று, எண்ணெய் விலை. இன்னொன்று, விலைக்கோட்டின் சாய்வு. ஒரு வாரம் மட்டும் வைத்திருப்பவருக்கு முதலாவதுதான் பெரிது. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இரண்டாவது முதலாவதையே விழுங்கிவிடலாம்.

2020 ஏப்ரலில் நடந்தது என்ன?

கான்டாங்கோ எவ்வளவு மோசமாகலாம் என்பதை உலகமே பார்த்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கால் வாகனங்கள் ஓடவில்லை, விமானங்கள் பறக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் சவுதி அரேபியாவும் ரஷ்யாவும் விலைப் போரில் இறங்கி எண்ணெயைச் சந்தையில் கொட்டியிருந்தன. குஷிங்கில் இருந்த டேங்குகள் வேகமாக நிரம்பின. மிச்சமிருந்த இடத்தையும் யாரோ முன்பே வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. மே மாத ஒப்பந்தம் 18.27 டாலர். ஜூன் மாத ஒப்பந்தம் 25.03 டாலர். ஒரே சரக்குக்கு ஒரு மாத இடைவெளியில் 37 சதவீத வித்தியாசம்! அன்றைக்கு மே ஒப்பந்தத்தை விற்று ஜூனுக்கு மாறிய ஒருவருக்கு, 100 பீப்பாய்க்குப் பதில் 73 பீப்பாய்தான் கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்கிழமை. மே ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. வரலாற்றில் முதன்முறையாக விற்பவர், வாங்குபவருக்குப் பணம் கொடுத்து எண்ணெயை எடுத்துப்போகச் சொன்ன நாள் அது. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20.43 டாலர்.

யுஎஸ்ஓ ஃபண்ட் அந்த மைனஸ் விலையில் சிக்கவில்லை. ஏப்ரல் முதல் பாதியிலேயே மே ஒப்பந்தத்தில் இருந்து வெளியேறி ஜூனுக்கு மாறியிருந்தது. ஆனால் மறுநாள் ஜூன் ஒப்பந்தமே 11.57 டாலருக்குச் சரிந்தது. ஒரே நாளில் 43 சதவீத வீழ்ச்சி. ஃபண்ட் தன் வழக்கமான விதியை மாற்றி, ஜூலை, ஆகஸ்ட் என்று தள்ளிப்போகும் மாதங்களுக்குப் பணத்தைப் பிரித்துப் போட்டது. இன்னொரு ஜூன் விபத்தில் சிக்காமல் இருக்க இது தேவைப்பட்டது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. விலைக்கோட்டில் அதிகம் ஆடுவது பக்கத்து மாதம்தான். தூரத்து மாதங்கள் இறங்கும்போதும் குறைவாக இறங்கும், ஏறும்போதும் குறைவாக ஏறும். ஏப்ரல் 28-ல் 12.34 டாலராக இருந்த பக்கத்து மாத எண்ணெய், ஜூன் 30-ல் 39.27 டாலர். மூன்று மடங்குக்கும் மேல். தூரத்து மாதங்களில் இருந்த யுஎஸ்ஓ அந்தக் காலத்தில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

அந்த ஆண்டின் கணக்கை முடித்துப் பார்த்தால், 2020-ல் எண்ணெய் விலை சுமார் 20 சதவீதம் இறங்கியிருந்தது. ஃபண்ட் சுமார் 68 சதவீதம் இறங்கியிருந்தது. 'எண்ணெய் 20 டாலருக்குக் கீழே வந்துடுச்சு, இதைவிட மலிவா கிடைக்குமா' என்று ஏப்ரலில் ஓடிப்போய் யுஎஸ்ஓ வாங்கியவர்கள் நினைத்த மலிவு விலை எண்ணெய் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது, அதைவிடக் கூடுதல் விலையில் இருந்த அடுத்தடுத்த மாத ஒப்பந்தங்கள்.

சார்ட் எங்கே ஏமாற்றுகிறது?

இதில் இரண்டு சார்ட்டுகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு விதத்தில் தடுமாற வைக்கும்.

முதலாவது, எண்ணெய் விலையின் தொடர் சார்ட். செய்திகளிலும் செயலிகளிலும் 'கச்சா எண்ணெய் விலை' என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு மாத ஒப்பந்தம் காலாவதியானதும், அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலையை அப்படியே பின்னால் ஒட்டிவிடுவார்கள். ஒட்டும் இடத்தில் ஒரு தாவல் வரும். அந்தத் தாவல் யாருடைய பைக்கும் போகாத லாபம்.

உதாரணம்: ஏப்ரல் 21-ல் மே ஒப்பந்தம் 10.01 டாலரில் காலாவதியானது. ஏப்ரல் 22-ல் ஜூன் ஒப்பந்தம் 13.78 டாலர். ஒட்டுப்போட்ட சார்ட்டைப் பார்த்தால் ஒரே நாளில் 38 சதவீத ஏற்றம். ஆனால் ஜூன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு அது 11.57-லிருந்து 13.78, அதாவது 19 சதவீதம்தான். சார்ட் காட்டிய ஏற்றத்தில் பாதி, இரண்டு வெவ்வேறு பொருள்களின் விலை வித்தியாசம். கான்டாங்கோ காலத்தில் மாதாமாதம் இப்படி ஒரு சின்ன படி சார்ட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். ஃபண்ட் சார்ட்டில் அந்தப் படிகள் இருக்காது. இரண்டு கோடுகளும் விலகிப்போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, ஃபண்டின் சொந்த சார்ட். யுஎஸ்ஓ 2006 ஏப்ரலில் சுமார் 67 டாலரில் தொடங்கியது. அப்போது எண்ணெயும் 69 டாலரை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் இன்று அந்த ஃபண்டின் முழு சார்ட்டைத் திறந்தால், தொடக்க விலை 540 டாலர் போலத் தெரியும். காரணம், 2020 ஏப்ரல் இறுதியில் யூனிட் விலை 2 டாலர் அளவுக்குத் தேய்ந்துபோனதால், எட்டு யூனிட்களை ஒரே யூனிட்டாகச் சேர்த்தார்கள். இதற்கு ரிவர்ஸ் ஸ்பிளிட் என்று பெயர். இதனால் யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்லை. ஆனால் சார்ட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய விலைகள் எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிக் காட்டுவார்கள்.

புதிதாக வருபவர் கண்ணில் படுவது என்ன? '540-ல் இருந்தது, இப்போ ரொம்ப மலிவாக் கிடைக்குது. எண்ணெய் பழைய விலைக்குப் போனா நம்ம பணம் பல மடங்கு!' இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். எண்ணெய் பழைய விலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 2024 டிசம்பர் 31-ல் டபிள்யூடிஐ 71.72 டாலர். ஃபண்ட் தொடங்கிய நாளைவிடக் கொஞ்சம் அதிகம். அன்று யுஎஸ்ஓ சுமார் 75.5 டாலர். தொடக்க விலையோடு ஒப்பிட்டால் சுமார் 86 சதவீதம் குறைவு. அந்த 540 என்பது எண்ணெய் எட்டாத உயரம் அல்ல. ரோல்ஓவரில் தேய்ந்துபோன பீப்பாய்களின் கணக்கு. எண்ணெய் ஏறுவதால் மட்டும் அந்தப் பீப்பாய்கள் திரும்பி வராது.

சார்ட்டில் 'ஆதரவு நிலை', 'பழைய உச்சம்' என்று கோடு போட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 2012-ல் ஃபண்ட் எந்த விலையில் நின்றதோ, அந்த விலைக்கு இன்றைய எண்ணெய்ச் சந்தையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அப்படியென்றால் ஃபண்ட் எப்போதும் நஷ்டம்தானா?

இல்லை. 2021-ல் பொருளாதாரங்கள் திறந்தன, எண்ணெய்த் தேவை மீண்டது, கையிருப்பு குறைந்தது. விலைக்கோடு பேக்வார்டேஷனுக்கு மாறியது. அந்த ஆண்டு எண்ணெய் 48.52-லிருந்து 75.21 டாலருக்கு, அதாவது 55 சதவீதம் ஏறியது. யுஎஸ்ஓ சுமார் 65 சதவீதம் ஏறியது. எண்ணெயைவிட ஃபண்டுக்கு லாபம் அதிகம்!

2024 இன்னும் தெளிவான உதாரணம். ஆண்டுத் தொடக்கத்தில் 71.65 டாலராக இருந்த எண்ணெய், ஆண்டு இறுதியில் 71.72. கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் யுஎஸ்ஓ சுமார் 13 சதவீதம் ஏறியது. இதில் ஒரு பங்கு பேக்வார்டேஷன் தந்தது. இன்னொரு பங்கு வட்டி. ஃபியூச்சர்ஸ் வாங்க முழுப் பணமும் தேவையில்லை என்பதால், ஃபண்ட் மீதிப் பணத்தை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள் போன்றவற்றில் போட்டு வைக்கும். வட்டி விகிதம் அதிகமாக இருந்த 2024-ல் அதுவும் கைகொடுத்தது.

அதேபோல கான்டாங்கோ என்றாலே நஷ்டம் உறுதி என்றும் சொல்ல முடியாது. மாதம் 1 சதவீதம் கசியும் காலத்தில் எண்ணெய் விலை 5 சதவீதம் ஏறினால், ஃபண்டில் லாபம்தான். ஆனால் எண்ணெய் ஏறியதைவிடக் குறைவாக இருக்கும். இந்த ஃபண்ட் தனது ஆவணத்திலேயே, ஒப்பந்த விலையின் தினசரி சதவீத மாற்றத்தைப் பின்தொடர்வதுதான் இலக்கு என்று சொல்கிறது. ஒரு நாள் ஏற்ற இறக்கத்தை அது ஒழுங்காகவே பின்தொடர்கிறது. ஐந்தாண்டு கழித்து எண்ணெய் விலையோடு ஒத்துப்போவேன் என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

வாங்குவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை, விலைக்கோட்டைப் பார்ப்பது. சிஎம்இ சந்தையின் இணையதளத்தில் டபிள்யூடிஐ ஒப்பந்தங்களின் அன்றாட விலைகள் மாதவாரியாக வரிசையாக இருக்கும். குறியீடு CL. நடப்பு மாதம், அடுத்த மாதம் இரண்டின் விலையையும் எடுத்து இப்படிக் கணக்கிட வேண்டும்:

(அடுத்த மாத விலை ÷ நடப்பு மாத விலை − 1) × 100

பிளஸ் வந்தால் கான்டாங்கோ. எண்ணெய் விலை அசையாமல் இருந்தால், ஏறத்தாழ அவ்வளவு சதவீதம் அந்த மாதத்தில் கசியும். மைனஸ் வந்தால் பேக்வார்டேஷன், கிட்டத்தட்ட அந்த அளவு கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மாதக் கணக்கை 12-ஆல் பெருக்கி ஓராண்டுக்கு முடிவு கட்டக் கூடாது. கோட்டின் முன்பகுதி செங்குத்தாகவும் பின்பகுதி தட்டையாகவும் இருப்பது வழக்கம். மேலும், சில வாரங்களிலேயே சாய்வு மாறிவிடலாம். 12-வது மாத ஒப்பந்தத்தின் விலையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வேலை, ஃபண்ட் கையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்பது. பக்கத்து மாதம் மட்டுமா, பல மாதங்களுக்குப் பிரித்திருக்கிறதா என்பது அதன் இணையதளத்தில் இருக்கும். யுஎஸ்ஓவை நடத்தும் அதே நிறுவனம் USL என்ற இன்னொரு ஃபண்டை நடத்துகிறது. அது 12 மாத ஒப்பந்தங்களுக்குப் பணத்தைப் பிரித்துப் போடும். கான்டாங்கோவில் கசிவு குறையும். பதிலுக்கு, எண்ணெய் திடீரென எகிறினால் அது மெதுவாகத்தான் ஏறும். பேக்வார்டேஷன் தரும் கூடுதல் லாபமும் குறையும். இரண்டும் சேர்ந்துதான் வரும்.

மூன்றாவது வேலை, ஒப்பீடு. ஃபண்ட் சார்ட்டையும் எண்ணெய் சார்ட்டையும் ஒரே தேதியில் தொடங்கி, டாலர் கணக்கில் இல்லாமல் சதவீதக் கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே போனால், அந்த இடைவெளிதான் விலைக்கோட்டின் வேலை. சார்ட்டில் ரிவர்ஸ் ஸ்பிளிட் குறி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இருந்தால், பழைய உச்ச விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் தங்க இடிஎஃப் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டுமா?

இந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லை. தங்கத்தின் ஃபியூச்சர்ஸ் விலைக்கோடும் வழக்கமாக கான்டாங்கோவில்தான் இருக்கும். ஆனால் இந்தியாவில் இருக்கும் தங்க இடிஎஃப்களும் வெள்ளி இடிஎஃப்களும் பெரும்பாலும் நிஜ உலோகத்தையே வாங்கிப் பெட்டகத்தில் வைக்கின்றன. காலாவதி கிடையாது, ரோல்ஓவர் கிடையாது. அதனால்தான் அவற்றின் சார்ட், கட்டணத்தைக் கழித்தால், உள்நாட்டு உலோக விலையை ஒட்டியே போகிறது.

எம்சிஎக்ஸ் சந்தையில் கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஃபியூச்சர்ஸை வாங்கி மாதாமாதம் ரோல்ஓவர் செய்துகொண்டு 'லாங் டேர்ம்' என்று காத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். 2020 ஏப்ரலில் எம்சிஎக்ஸ் கச்சா எண்ணெய் ஒப்பந்தமும் மைனஸ் 2,884 ரூபாயில் கணக்கு முடிக்கப்பட்டது. வெளிநாட்டு முதலீட்டுச் செயலிகள் மூலம் அமெரிக்க எண்ணெய் ஃபண்டுகளை வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்கு ரூபாய்-டாலர் மாற்றமும் கூடுதலாகச் சேரும்.

'எண்ணெய் விலை எங்கே போகும்?' என்ற கேள்விக்கு ஒருவர் சரியான பதிலை வைத்திருக்கலாம். ஃபண்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு அது மட்டும் போதாது. அடுத்த மாத ஒப்பந்தம் இந்த மாதத்தைவிட விலை கூடவா, குறைவா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.